போருக்கு பி.வி.சி. கேசிங்கா, இரும்பு கேசிங்கா?

கேள்வி: "ராசிபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் 600 அடி போர் போடப் போகிறோம். ரிக்காரர் 7 இஞ்ச் பி.வி.சி. கேசிங் போதும் என்கிறார். அப்பா இரும்புதான் நிற்கும் என்கிறார். இரும்பு துருப்பிடித்துத் தண்ணீர் கெடும், பிளாஸ்டிக்கில் விஷம் இறங்கும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வீட்டில் குடிக்கவும் அந்தத் தண்ணீர்தான். எந்தப் பைப் போடலாம்?"

முதலில் 600 அடி என்ற எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கேசிங் பைப்பைத் தேர்ந்தெடுக்க அந்த எண் உதவாது. உங்கள் பக்கம் தரைக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே மண், அதற்குக் கீழே கையால் உதிர்க்கக்கூடிய இற்றுப்போன பாறை, அதற்கும் கீழேதான் கெட்டிக் கருங்கல். கருங்கல் தானாக நிற்கும், அதற்குப் பைப் தேவையில்லை. சரிந்து விழக்கூடிய மேல் பகுதிக்குத்தான் கேசிங் இறக்குகிறோம். அது சில தோட்டங்களில் 20 அடியில் முடிந்துவிடும், ஓடை ஓரத்திலும் பழைய ஏரிக்குப் பக்கத்திலும் 100 அடியைத் தாண்டும். உங்கள் போர் 600 அடி போனாலும் 1,000 அடி போனாலும் கேசிங்கின் ஆழம் மாறப்போவதில்லை. எனவே பக்கத்துத் தோட்டத்தில் போர் போட்டவர்களிடம் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று மட்டும் கேட்காமல், கேசிங் எத்தனை அடி இறங்கியது என்றும் கேட்டு வையுங்கள். பைப்பைப் பற்றி நான் கீழே சொல்வதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

காவிரி டெல்டா, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருக்கும் இடங்களில் கதை வேறு. அங்கே பாறை கிடையாது. மேலிருந்து அடிவரை பைப் போட்டு, மணல் அடுக்கு வரும் இடத்தில் துளையிட்ட பைப் வைத்து, சுற்றிலும் கூழாங்கல் நிரப்ப வேண்டும். அந்தப் பக்கத்து உறவினர் சொல்லும் அனுபவத்தை ராசிபுரத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே தண்ணீர் பைப்பைத் தொட்டுக்கொண்டே கிடக்கிறது, உங்கள் போரில் அப்படி இல்லை. இந்த வித்தியாசத்தைப் பற்றிக் கீழே மறுபடியும் சொல்கிறேன்.

இப்போது ஆழம். கடையில் பைப் வாங்கும்போது 4 கிலோ, 6 கிலோ, 8 கிலோ, 10 கிலோ என்று கேட்பார்கள். அந்தக் கிலோ, பைப்புக்கு உள்ளே தண்ணீர் எவ்வளவு அழுத்தினால் வெடிக்காமல் தாங்கும் என்பதைச் சொல்வது. வாய்க்கால் பைப்புக்கும் டேங்க் லைனுக்கும் அது பொருந்தும். கேசிங்குக்கு வரும் ஆபத்து நேர் எதிரானது. வெளியே இருக்கும் ஈரமண்ணும் தண்ணீரும் அழுத்தி, பைப் உள்பக்கமாக நசுங்குவதுதான் அங்கே பயம். உள்ளே இருந்து வரும் அழுத்தத்தைத் தாங்குவதில் தடிமன் இரண்டு மடங்கானால் பலமும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வெளியழுத்தத்தைத் தாங்குவதில் தடிமன் இரண்டு மடங்கானால் பலம் எட்டு மடங்குக்கு மேல் போகும். அதனால் மில்லிமீட்டர் கணக்கில் தெரியும் சின்ன வித்தியாசம் கேசிங்கில் மிகப் பெரிய வித்தியாசம்.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். 7 இஞ்ச் என்று சொல்லும் பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் 180 மி.மீ. 4 கிலோ பைப்பின் சுவர் சுமார் 4 மி.மீ., 6 கிலோவில் சுமார் 6 மி.மீ., 10 கிலோவில் சுமார் 10 மி.மீ. இருக்கும். பி.வி.சி.யின் விறைப்பை வைத்துக் கணக்கிட்டால், வெளியே தண்ணீர் நின்று உள்ளே காலியாக இருக்கும்போது 4 கிலோ பைப் 25 அடித் தண்ணீருக்கே நசுங்கும் நிலைக்கு வரும். 6 கிலோ பைப் 85 அடி வரை தாங்கும். 10 கிலோ பைப் 400 அடிக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். இதெல்லாம் பைப் மிகச் சரியான வட்டமாக இருந்தால் கிடைக்கும் எண்கள். வெயிலில் அடுக்கிவைத்த பைப் கொஞ்சம் முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும், மண்ணும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தாது. அதனால் நான் எப்போதும் பாதியைத்தான் எடுத்துக்கொள்வேன். அதாவது 4 கிலோவுக்கு 12 அடி, 6 கிலோவுக்கு 40 அடி, 10 கிலோவுக்கு 200 அடி. ஓரளவு பிடிப்புள்ள மண் பைப்பைச் சுற்றித் தாங்கிப் பிடித்துக்கொள்ளும் என்பதும் உண்மைதான். அதனால்தான் 6 கிலோ பைப் 80 அடியில் பல தோட்டங்களில் நன்றாகவே நிற்கிறது. ஆனால் நனைந்த களியும் சேறும் தாங்கிப் பிடிக்காது. அவை தண்ணீரைவிடக் கனமாக அழுத்தும்.

"உள்ளே காலியாக" என்று சொன்னேன் அல்லவா, அது எப்போது நடக்கிறது என்று பாருங்கள். சாதாரண நாளில் போருக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் மட்டம் பெரிதாக வித்தியாசப்படாது. ரிக் ஓடும் நாளில் கம்ப்ரஸர் காற்றால் உள்ளே இருக்கும் தண்ணீரை முழுக்க ஊதி வெளியேற்றுகிறார்கள். அந்த நேரத்தில் வெளியே மழைக்காலத் தண்ணீர் 15 அடியில் நிற்கிறது, கேசிங் 90 அடி இறங்கியிருக்கிறது என்றால், அடிப் பைப்பின் மேல் 75 அடித் தண்ணீரின் முழு அழுத்தம். 6 கிலோ பைப்பின் எல்லையே 85 அடிதான். பைப் லேசாகக் கோணியிருந்தாலும் போதும், அன்றைக்கே நசுங்கும். பெரும்பாலும் அது யாருக்கும் தெரியாது. ஹேமரை மேலே தூக்கும்போது ஓரிடத்தில் உரசும், அல்லது பிறகு மோட்டார் இறக்கும்போது 70, 80 அடியில் நின்றுவிடும். கோடையில் போட்ட போர் தப்பித்து, அதே ஊரில் ஐப்பசியில் போட்ட போர் நசுங்குவதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் 7 இஞ்சிலேயே 10 கிலோ வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கேசிங் இறக்கியபிறகு அதற்குள்ளே போய்த்தான் கருங்கல்லைத் துளைக்க வேண்டும். ஆறரை இஞ்ச் பிட்டின் விட்டம் 165 மி.மீ. 180 மி.மீ. பைப்பில் 6 கிலோ எடுத்தால் உள்விட்டம் 168 மி.மீ., பிட் மயிரிழை இடைவெளியில் நுழையும். 8 கிலோ எடுத்தாலே உள்விட்டம் 164 ஆகிவிடுகிறது, 10 கிலோவில் 160 தான். பிட் போகாது. ரிக்காரர் 7 இஞ்ச் என்றாலே 6 கிலோவைச் சொல்வதற்கு விலை மட்டும் காரணமில்லை, இதுவும் ஒரு காரணம். கூடுதல் பலம் வேண்டுமென்றால் 8 இஞ்சுக்கு, அதாவது 200 மி.மீ. பைப்புக்குப் போக வேண்டும். அதில் 8 கிலோவின் சுவர் 9 மி.மீ.க்கு அருகில், உள்விட்டம் 182. பிட் தாராளமாகப் போகும். கணக்குப்படி 200 அடி, பாதியாக எடுத்துக்கொண்டால் 100 அடி வரை நம்பலாம். ஆனால் மேல்பகுதியை இன்னும் அகலமாக, 10 இஞ்ச் அளவுக்குத் தோண்ட வேண்டும். அந்த அளவு பிட் இருக்கிறதா, மண் தோண்டும் அடிக்கூலி எவ்வளவு கூடும் என்று ரிக்காரரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வண்டி வந்து நின்றபிறகு இதைப் பேசினால் இருக்கிற பைப்பைப் போட்டுவிட்டுப் போகத்தான் பார்ப்பார்கள்.

போர்வெல்லுக்கென்றே தயாரிக்கும் பி.வி.சி. பைப்புக்குத் தனி இந்தியத் தரம் இருக்கிறது, ஐ.எஸ். 12818. அதில் கேசிங்கை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். சி.எஸ். என்பது 80 மீட்டர் ஆழம் வரை, சி.எம். 250 மீட்டர் வரை, சி.டி. 450 மீட்டர் வரை. கடையில் பொதுவாகக் கிடைக்கும் 6 கிலோ, 10 கிலோ பைப் ஐ.எஸ். 4985 என்ற தரத்தைச் சேர்ந்தது. அது தண்ணீர் கொண்டுபோகும் பைப்புக்கான தரம். முடிந்தால் ஐ.எஸ். 12818 பைப்பையே வாங்குங்கள். அதன் முனையில் மரை போட்டிருப்பதால் பசையில்லாமல் முறுக்கியே இணைக்கலாம். பசை பைப் என்றால், பசை காயும் வரை பொறுக்காமல் இணைப்பில் நான்கு ஸ்க்ரூவை அடித்துவிட்டு இறக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஸ்க்ரூவின் கூர் உள்ளே நீட்டிக்கொண்டு மோட்டாரின் கேபிளைக் கீறும். அதை அனுமதிக்காதீர்கள்.

உங்கள் அப்பா சொல்வதற்கு வருகிறேன். பலத்தில் இரும்பு மேல் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஒரே தடிமனில் எம்.எஸ். பைப், பி.வி.சி.யைவிட எழுபது மடங்கு விறைப்பானது. 7 இஞ்ச் எம்.எஸ். பைப்பின் வெளிவிட்டம் 178 மி.மீ., 5 மி.மீ. சுவர் எடுத்தால் உள்விட்டம் 168. அதே ஆறரை இஞ்ச் பிட் அப்படியே போகும், நசுங்கும் பேச்சுக்கே இடமில்லை. அதோடு, இரும்பை அடித்து இறக்கலாம். இற்றுப்போன பாறைக்கு நடுவில் உருண்டைக் கற்கள் கிடக்கும் இடத்தில் துளை நேராக நிற்காது, கல் சரிந்து வழியை அடைக்கும். அங்கே பி.வி.சி.யைத் தட்டினால் உடையும். இரும்பைத் திருகியும் அடித்தும் உட்கார வைக்க முடியும். 150 அடிக்கு மேல் மண்கண்டம் உள்ள இடம், கற்கள் கலந்து சரியும் இடம், இந்த இரண்டிலும் நான் இரும்பைத்தான் சொல்வேன். கனம் ஒரு சிரமம். 20 அடி எம்.எஸ். பைப் ஒன்று 130 கிலோ வரும், அதே அளவு 6 கிலோ பி.வி.சி. 30 கிலோகூட வராது. ஒவ்வொரு இணைப்பையும் தோட்டத்திலேயே வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங் சுற்றிலும் முழுசாக ஓடியிருக்கிறதா என்று இறக்கும் முன் நீங்களே பாருங்கள். அவசரத்தில் நான்கு இடத்தில் பொட்டு வைத்துவிட்டு இறக்கிய இணைப்பு வழியாகத்தான் பிறகு மண் வரும்.

இனி துரு. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பகுதி மெதுவாகத்தான் அரிக்கும். முதலில் போவது இரண்டு இடங்கள். ஒன்று, தரையை ஒட்டிய முதல் சில அடிகள். உரமும் சாணமும் கலந்த ஈரமண் அங்கே எப்போதும் பைப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்று, மழைக்கும் வெயிலுக்கும் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் பகுதி. அங்கே பைப் நனைவதும் காய்வதுமாகவே இருக்கிறது. வெல்டிங் இணைப்பு அந்தப் பகுதியில் விழுந்தால் அரிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

எத்தனை வருடம் நிற்கும் என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். பொதுவாகச் சொன்னால் பி.எச். 7-க்குக் கீழே, குளோரைடு லிட்டருக்கு 500 மி.கிராமுக்கு மேலே, மொத்தக் கரைந்த உப்பு 1,000 மி.கிராமுக்கு மேலே இருந்தால் அது இரும்பை அரிக்கும் தண்ணீர். அழுகிய முட்டை வாடை வந்தால் இன்னும் மோசம், அந்த வாயு கொஞ்சமாக இருந்தாலே இரும்பைத் தின்னும். சாயக்கழிவு இறங்கிய நொய்யல் கரை, தோல் பதனிடும் தொழில் நடந்த பாலாற்றுப் பக்கம், கடலோரம், இந்த இடங்களில் இரும்பு கேசிங் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் ஊர்த் தண்ணீர் அப்படியா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. பக்கத்து போரிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து, மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தால் மேலே சொன்ன எண்கள் எல்லாம் தெரிந்துவிடும். போர் போடும் செலவோடு பார்த்தால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

துருவையும் பலத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. மேலே சொன்ன அதே எட்டு மடங்குக் கணக்கு இரும்புக்கும் பொருந்தும். 5 மி.மீ. சுவர் அரித்து இரண்டரை மி.மீ. ஆனால் வெளியழுத்தத்தைத் தாங்கும் பலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். அப்போதும் அது புது 10 கிலோ பி.வி.சி. அளவுக்குப் பலமாகத்தான் இருக்கும். எனவே இரும்பு கேசிங் துருவால் நசுங்கிப்போவது அபூர்வம். துரு ஒரே சீராக அரிக்காது, குழிகுழியாகத்தான் தின்னும். சுவர் மெலிவதற்கு முன்பே ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியாக மழைக்காலத்தில் சேறு உள்ளே கொட்டும். சேறும் துருச்செதிலும் இறங்கி மோட்டாருக்கு மேலே தங்கிவிட்டால் மோட்டாரை உருவ முடியாது. பழைய இரும்பு போர்கள் கைவிடப்படுவது பெரும்பாலும் இப்படித்தான். மோட்டார் மாட்டிக்கொள்வதற்கு முன்பே கவனித்துவிட்டால், பழைய 7 இஞ்ச் பைப்புக்குள் 140 மி.மீ. பி.வி.சி. ஒன்றை இறக்கிக் காப்பாற்றலாம். 4 இஞ்ச் சப்மெர்சிபிள் அதற்குள் போய்விடும்.

பி.வி.சி.க்குத் துரு இல்லை, உப்புத் தண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது. அதன் எதிரி வெயில். தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு சில வருடங்களில் வெளுத்து மொரமொரப்பாகிவிடும். டிராக்டர் சக்கரம் லேசாக இடித்தாலும் விரியும். அந்தத் துண்டைச் சுற்றி சிமெண்ட் மேடை கட்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது. குழந்தைகள் போரில் விழுவதைத் தடுக்க 2010-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதலும் கேசிங்கைச் சுற்றி தரைக்கு மேலே 30 செ.மீ., கீழே 30 செ.மீ. வரும்படி சிமெண்ட் மேடை கட்டச் சொல்கிறது. மூடியை இரும்பு கேசிங் என்றால் வெல்டிங் செய்யலாம், பி.வி.சி. என்றால் போல்ட் போட்டு இறுக்கும் மூடியாக வாங்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு முக்கியமான கேள்வி, குடிக்கும் தண்ணீர். உங்கள் போரில் தண்ணீர் தரும் பாறை வெடிப்பு 200 அடியிலோ 400 அடியிலோ இருக்கும். மோட்டார் அதற்கும் கீழே தொங்கும். தண்ணீர் அங்கிருந்து மோட்டாருக்குள் போய், மோட்டாரோடு இணைந்த குழாய் வழியாக மேலே வருகிறது. கேசிங் இருப்பதோ மேலே முதல் 60, 80 அடியில். வருடத்தில் பல மாதம் அது தண்ணீரையே தொடுவதில்லை. நீங்கள் குடிக்கும் தண்ணீர் நூற்றுக்கணக்கான அடி உரசிக்கொண்டு வருவது மோட்டார் குழாயின் உள்சுவரைத்தான். கேசிங்குக்கு இவ்வளவு யோசித்துவிட்டு மோட்டாருக்குப் பழைய ஜி.ஐ. குழாய் மாட்டினால் துரு அதிலிருந்து வரும். கறுப்பு எச்.டி.பி.இ. குழாய் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

சிவந்த தண்ணீர் வந்தால் உடனே கேசிங்கைக் குறை சொல்வார்கள். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. காலையில் மோட்டார் போட்டதும் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள், ஒரு மணி நேரம் ஓடியபிறகு இன்னொன்றில் பிடியுங்கள். முதல் பாட்டில் சிவந்தும் இரண்டாவது தெளிவாகவும் இருந்தால், இரவெல்லாம் தேங்கிய தண்ணீரில் ஊறிய துரு அது, குழாயிலிருந்தோ கேசிங்கிலிருந்தோ வருகிறது. இரண்டுமே பிடிக்கும்போது தெளிவாக இருந்து, திறந்து வைத்த சில மணி நேரத்தில் மஞ்சளாகி அடியில் காவி படிந்தால், இரும்புச்சத்து நிலத்தடி நீரிலேயே கரைந்து வருகிறது. காற்று பட்டதும் அது துருவாக மாறுகிறது. இதற்கு எந்தக் கேசிங் போட்டாலும் பயனில்லை, தண்ணீருக்குத் தனியாக வடிகட்டி வேண்டும். இரண்டு பாட்டிலும் கலங்கலாக இருந்து, மழைக்குப் பிறகு மட்டும் அப்படி வந்தால் அது மேல்மண் இறங்கும் அடையாளம். இரும்பு கலந்த தண்ணீர் உடம்புக்கு உடனே கெடுதல் செய்வதில்லை. லிட்டருக்கு 0.3 மி.கிராமைத் தாண்டினால் வெள்ளைத் துணியில் கறை பிடிக்கும், ருசி மாறும். மழைக்குப் பின் கலங்கும் தண்ணீருக்குத்தான் பயப்பட வேண்டும், அதில் மலக்கிருமிகள் இருக்க வாய்ப்பு அதிகம்.

பிளாஸ்டிக் விஷம் என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பி.வி.சி. தயாரிக்கும்போது சூட்டில் சிதையாமல் இருக்க ஒரு நிலைப்படுத்தி சேர்ப்பார்கள். நம் நாட்டில் நீண்ட காலம் அதற்கு ஈயச் சேர்மங்களைப் பயன்படுத்தினார்கள். புதுப் பைப்பின் உள்மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் ஈயம் தண்ணீரில் இறங்கும், தண்ணீர் ஓட ஓடக் குறைந்துவிடும். குடிநீரில் ஈயத்துக்கான இந்திய வரம்பு லிட்டருக்கு 0.01 மி.கிராம்தான், அதனால் இதை அலட்சியம் செய்யக் கூடாது. பி.வி.சி. பைப்பில் ஈயத்தைக் கட்டுப்படுத்தி மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. ஈயம் இல்லாதது என்று பைப்பின் மேலேயே அச்சிட்டதை வாங்குங்கள், பெயர் தெரியாத பைப்பையும் மறுசுழற்சிப் பைப்பையும் தொடவேண்டாம். உங்கள் மாதிரிப் போரில் தண்ணீர் கேசிங்கைத் தொடுவது கொஞ்ச நேரம்தான் என்பதால் ஆபத்து இன்னும் குறைவு. டெல்டாவில் 300 அடிக்கும் பி.வி.சி. இறக்குபவர்கள்தான் இதில் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க், கரைப்பான் பயன்படுத்தும் ஆலை பக்கத்தில் இருந்தால் பி.வி.சி. வேண்டாம். அந்தத் திரவங்கள் மண்ணில் கசிந்திருந்தால் பிளாஸ்டிக்கை இளக்கி ஊடுருவும்.

இரும்போ பி.வி.சி.யோ, குடிநீரை உண்மையில் காப்பது கேசிங்கின் அடிமுனையும் அதன் வெளிப்புறமும்தான். பைப்பின் அடி இற்றுப்போன பாறையில் நின்றுவிட்டால் மேல்தண்ணீர், சாக்கடை, உரத்தண்ணீர் எல்லாம் அதற்குக் கீழே புகுந்து போருக்குள் இறங்கும். துளையிலிருந்து வரும் தூள் பழுப்பு, மஞ்சள் நிறம் மாறி வெளிர் சாம்பலாகி, பிட்டின் சத்தமும் கெட்டியானபிறகு இன்னும் 3 முதல் 5 அடி தோண்டச் சொல்லி, அங்கே பைப்பை உட்கார வையுங்கள். பிறகு பைப்புக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள இடைவெளி. வழக்கமாக அதில் தோண்டிய மண்ணையே தள்ளிவிடுகிறார்கள். அது மழைத்தண்ணீருக்கு நேர்வழி. மேலிருந்து குறைந்தது 20 அடிக்காவது சிமெண்ட் பால் ஊற்ற வேண்டும். அதற்குக் கீழே களிமண் போட்டு அடைத்தால் போதும். பி.வி.சி. என்றால் சிமெண்டை ஒரே மூச்சில் கொட்டாமல் இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள். இறுகும்போது சூடு கிளம்பும், சூட்டில் பி.வி.சி. இளகி எளிதில் நசுங்கும்.

உங்கள் நிலைமைக்கு என் யோசனை இது. பக்கத்துத் தோட்டங்களில் கேசிங் 40 அடிக்குள் முடிந்திருந்தால் ரிக்காரர் சொன்ன 7 இஞ்ச் 6 கிலோ பி.வி.சி. போதும். 40 முதல் 100 அடி என்றால் 8 இஞ்ச் 8 கிலோ பி.வி.சி. போடுங்கள், அதற்கு மேல் போனால் 8 இஞ்சிலேயே 10 கிலோ எடுங்கள். 150 அடியைத் தாண்டினால், அல்லது எந்த ஆழத்திலும் உருண்டைக்கல் சரிகிறது என்றால், தண்ணீர்ப் பரிசோதனையில் குளோரைடு குறைவாகவும் பி.எச். 7-க்கு மேலும் இருக்கும்பட்சத்தில் அப்பா சொல்கிற இரும்பு சரி. ஆழமும் அதிகம், தண்ணீரும் உப்பு என்றால் ஐ.எஸ். 12818-இல் சி.எம். வகையைத் தேடி வாங்குங்கள், பிட் நுழையும் உள்விட்டம் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பைப் வந்து இறங்கியதும் சுவர்த் தடிமனை காலிப்பரால் நீங்களே அளந்து பாருங்கள். 6 கிலோ என்று எழுதியிருப்பதில் 5 மி.மீ.தான் இருக்கிறது என்றால் நசுங்கலைத் தாங்கும் பலம் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது என்று அர்த்தம், திருப்பி அனுப்புங்கள்.

போர் முடிந்து மோட்டார் இறக்கியதும் குடிப்பதற்கு முன் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். ஆறரை இஞ்ச் போரில் ஒரு அடிக்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 400 அடித் தண்ணீர் என்றால் 2,600 லிட்டர், அதற்குப் புதுப் பவுடர் சுமார் 400 கிராம் போதும். வாளியில் கரைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் போருக்குள் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். மறுநாள் வாடை போகும் வரை வெளியே இறைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மலக்கிருமிப் பரிசோதனைக்குத் தண்ணீர் கொடுங்கள். அதே பரிசோதனையை முதல் பெருமழைக்குப் பிறகு இன்னொரு தடவை செய்யுங்கள். கேசிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.